சங்கிலியை அடகு வைக்க முன்: ஸ்க்ரம் சான்றிதழும் மூன்று வருட வேலையும்

"அக்கா, நான் பரந்தனில் இருக்கிறேன். கிளிநொச்சியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடமாக, மென்பொருளைச் சோதிக்கும் கியூ.ஏ. வேலை. எங்கள் இடத்தில், வேலையைச் சிறு காலத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைதான் என்று சொல்வார்கள். போன வருடம் தொடக்கம் தினமும் கூடும் டெய்லியையும், நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தையும் நான்தான் நடத்துகிறேன், ஆனால் பதவிப் பெயர் இன்னும் கியூ.ஏ.தான். கொழும்பில், ரீம் இந்த முறையில் நடக்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர் வேலைகளுக்கு விண்ணப்பித்தால் பதிலே இல்லை. கூட வேலை செய்கிற அண்ணா ஒருவர், சி.எஸ்.எம். சான்றிதழ் செய்தால்தான் கூப்பிடுவார்கள் என்கிறார். இரண்டு நாள் ஒன்லைன் வகுப்பு, கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறா. இரண்டு நாள் வகுப்பு மூன்று வருட வேலையை விடப் பெரிதா? செய்யட்டா, வேண்டாமா?"

தங்கச்சி, சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். சான்றிதழ் ஒன்று உங்களுக்கு உதவும்தான், ஆனால் அதற்கு இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. உங்கள் மூன்று வருடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. நான் வவுனியாவில் இருந்து வேலை செய்பவள். ஸ்க்ரம் மாஸ்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகங்களில் கேள்வி கேட்கும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது விளங்குவதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அண்ணா சொன்ன சி.எஸ்.எம்., அதாவது சேர்ட்டிஃபைட் ஸ்க்ரம் மாஸ்டர். இதைக் கொடுப்பது ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பு. அவர்களின் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் ஒருவரின் வகுப்பில் இருந்தே ஆக வேண்டும், வழக்கமாக இரண்டு நாள். வகுப்பு முடிந்த பிறகு ஒன்லைன் பரீட்சை: ஒரு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வுக் கேள்விகள், 37 சரியாக இருந்தால் சித்தி. முதல் இரண்டு முயற்சிகளையும் 90 நாளுக்குள் எடுத்தால் பரீட்சைக்குத் தனியாகப் பணம் இல்லை. வகுப்பை ஒழுங்காகக் கவனித்த ஒருவர் இதில் தவறுவது அரிது. கட்டணத்தின் பெரும் பகுதி வகுப்புக்குத்தான் போகிறது. அதைப் பயிற்றுநரே தீர்மானிப்பதால் ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு வித்தியாசப்படும். பெற்ற பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 டொலரும், கற்றதற்கான 20 புள்ளிகளும் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். இதைப் பலர் முன்கூட்டியே சொல்வதில்லை. உங்கள் கணக்கில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆரம்ப வருடங்களில் இதற்குப் பரீட்சையே இருக்கவில்லை. வகுப்பில் இருந்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது, பரீட்சை பிறகுதான் வந்து சேர்ந்தது. ஸ்க்ரமை உருவாக்கிய இருவரில் ஒருவரான கென் ஷ்வேபர், சான்றிதழும் மதிப்பீடும் எப்படி இருக்க வேண்டும் என்ற கருத்து வேறுபாட்டோடு 2009இல் அந்த அமைப்பை விட்டு விலகி, ஸ்க்ரம் டொட் ஓர்க் என்ற இன்னோர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே வகுப்பு கட்டாயமில்லை. யாரும் பணம் கட்டிப் பரீட்சைக்கு இருக்கலாம், ஆனால் பரீட்சை கடினம். பி.எஸ்.எம். 1 என்ற அந்தப் பரீட்சையில் அதே ஒரு மணித்தியாலத்தில் 80 கேள்விகள், சித்தி பெற 85 வீதம். அதாவது 68 சரியாக வர வேண்டும், ஒரு கேள்விக்கு 45 செக்கன்தான். கட்டணம் 200 டொலர் அளவில், அதற்கு ஒரே ஒரு முயற்சி. தவறினால் திரும்பக் கட்ட வேண்டும். சித்தியடைந்தால் காலாவதி இல்லை, புதுப்பிக்கும் செலவும் இல்லை.

ஆக, ஒன்று முக்கியமாக நீங்கள் வகுப்பில் இருந்ததைச் சொல்கிறது. மற்றது நீங்கள் எங்கே படித்திருந்தாலும் விதிகளை நுணுக்கமாக வாசித்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்கிறது. இரண்டு பரீட்சையையும் மேற்பார்வையாளர் இல்லாமல் வீட்டில் இருந்தே எழுதலாம். ஆகவே ஆள் எடுப்பவர்கள் இரண்டையும் ஓரளவுக்குத்தான் நம்புவார்கள். ஒரு ரீம் தடுமாறும்போது இவர் என்ன செய்வார் என்பது இரண்டிலும் தெரியாது. ஸ்க்ரம் அலையன்ஸே இதை ஒத்துக்கொள்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அவர்களின் அடுத்த படியான ஏ-சி.எஸ்.எம். வேண்டுமானால், கடந்த ஐந்து வருடத்துக்குள் குறைந்தது 12 மாதம் ஸ்க்ரம் மாஸ்டர் வேலை செய்த அனுபவத்தைக் காட்டச் சொல்கிறார்கள்.

"அப்போ என் மூன்று வருடம்தான் பெரிது" என்று நினைப்பீர்கள். அது அந்த மூன்று வருடத்தில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. பல இடங்களில் ஸ்பிரிண்ட் என்பது இரண்டு வார வேலைப் பட்டியலுக்கு வைத்த பெயர் மட்டும்தான். காலையில் எல்லோரும் நேற்று என்ன, இன்று என்ன என்று லீடுக்கு ஒப்புவிப்பார்கள். லீட் வேலையைப் பிரித்துக் கொடுப்பார். இரண்டு வாரம் முடிய, முடியாத டிக்கெட்டுகளை அடுத்த ஸ்பிரிண்டுக்கு இழுத்து விடுவார்கள். அங்கே மூன்று வருடம் இருந்தால் அந்த அலுவலகத்தின் பழக்கம் படியும், ஸ்க்ரம் படியாது.

அனுபவசாலிகள் பி.எஸ்.எம். பரீட்சையில் சறுக்குவதும் இதனால்தான். டெவலப்பர்களுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுப்பது யார் என்று கேட்டால், அலுவலக ஞாபகத்தில் டெக் லீட் என்று போடுவார்கள். ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைட் படி யாரும் கொடுப்பதில்லை, அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிண்டை இடையில் ரத்துச் செய்யும் அதிகாரம் யாருக்கு என்றால் மனேஜர் என்பார்கள். அந்த அதிகாரம், எந்த வேலை முக்கியம் என்று தீர்மானிக்கும் புரொடக்ட் ஓனருக்கு மட்டும்தான். டெய்லியில் கேட்கும், நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகள் கைட்டின் 2020 பதிப்பில் இல்லை. வேலையின் அளவை மதிப்பிடப் பயன்படும் ஸ்டோரி பொயின்ட் என்ற சொல்லே கைட்டில் இல்லை. எது ஸ்க்ரம், எது எங்கள் இடத்துப் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க முடிகிறதா என்பதைத்தான் இந்தப் பரீட்சை சோதிக்கிறது. அதனால் இது புதிதாகப் படித்து வருபவரை விட உங்களைப் போல ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கே கூடுதல் பயன் தரும்.

இனி நேர்முகத்துக்கு வருவோம். அங்கே நான் அதிகம் கேட்பது கடைசி ஸ்பிரிண்டைப் பற்றி. இலக்கு என்ன, முடிவில் என்ன மீதி இருந்தது, ஏன் மீந்தது. "இலக்கு, 12 டிக்கெட் முடிப்பது" என்று பதில் வந்தால் அங்கே இலக்கு என்ற ஒன்று இருக்கவில்லை என்று விளங்கிவிடும். பிறகு, ரெட்ரோவில் எடுத்த ஒரு முடிவு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறதா, அதை யார் எதிர்த்தார்கள் என்று கேட்பேன். வாசித்து மட்டும் வந்தவர்கள் இங்கே "ரீமோடு கலந்து பேசித் தீர்ப்பேன்" என்று நின்றுவிடுவார்கள். செய்து பார்த்தவரிடம் ஆளும் திகதியும் எண்ணிக்கையும் தானாக வரும்.

கியூ.ஏ.யாக இருக்கும் உங்கள் கையில் அப்படி ஒரு விஷயம் நிச்சயம் இருக்கும். நான் கூட இருந்து பார்த்த ஒரு ரீமின் கதையைச் சொல்கிறேன். உங்கள் போர்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், பத்து வேலைநாள் ஸ்பிரிண்ட். ஸ்டோரி எனப்படும் வேலைத் துண்டுகள் ஒன்பதை எடுத்தார்கள். ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் இரண்டு மூன்று மீந்தது. காரணம் கேட்டால் "டெஸ்டிங் லேட்" என்பதே பதில். டெஸ்டர் பிள்ளை இரவிலும் இருந்து வேலை செய்தும் பழி அவள் மேல்தான். ரெட்ரோவில் இதைப் பற்றிக் கதைத்துக் கதைத்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

பிறகு, வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிரா மென்பொருளில் ஒவ்வொரு டிக்கெட்டின் ஹிஸ்டரியையும் திறந்து, அது டெஸ்டிங் நிரலுக்கு வந்த நாளைக் குறித்தோம். ஒன்று நான்காம் நாள் வந்திருந்தது, ஒன்று ஆறாம் நாள். எட்டாம் நாள் இரண்டு. ஒன்பதாம் நாள் நான்கு. கடைசி ஒன்று பத்தாம் நாள் காலையில். பிழை கண்டுபிடித்து, திருத்தி, திரும்பப் பார்ப்பதையும் சேர்த்தால் ஒருவரால் ஒரு நாளைக்கு இரண்டு ஸ்டோரிக்கு மேல் முடிக்க ஏலாது. அப்படியென்றால் எட்டாம் நாளுக்கு முன் வந்த இரண்டும் முடியும், எட்டாம் நாள் வந்த இரண்டும் ஒன்பதாம் நாளுக்குள் முடியும், கடைசி நாளில் இன்னும் இரண்டு. ஆறு முடியும், மூன்று மீதியாகும். டெஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதைவிட, முதல் ஐந்து நாளில் அவளுக்குப் பார்ப்பதற்கு ஒரே ஒரு ஸ்டோரிதான் இருந்தது.

காரணம் போர்டிலேயே தெரிந்தது. நான்கு டெவலப்பர்களும் முதல் நாளே ஆளுக்கு ஒன்று இரண்டாகத் தொடங்கி, எல்லாவற்றையும் சமகாலத்தில் கொண்டுபோய், கடைசியில் ஒன்றாகக் கொட்டினார்கள். கொட்டிவிட்டு அடுத்த ஸ்பிரிண்ட் வேலையைத் தொடங்கினார்கள். பிழைகள் திரும்பி வர, தொடங்கியதை நிறுத்திவிட்டுப் பழையதைத் தோண்டினார்கள். மீதி வேலையைக் காட்டும் பேர்ன்டவுன் வரைபடம் எட்டு நாளாகக் கிட்டத்தட்டப் படுத்திருந்து கடைசியில் சடாரென்று விழும். அப்படி ஒரு கோடு இருந்தால் உங்கள் இடத்திலும் இதே கதைதான்.

சரி, என்ன மாற்றினார்கள்? டெஸ்டிங் நிரலில் இரண்டு ஸ்டோரி காத்திருந்தால் யாரும் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். கை ஓய்ந்த டெவலப்பர், தான் எழுதாத ஒரு ஸ்டோரியை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும். ஸ்க்ரம் கைட்டில் டெஸ்டர் என்று தனிப் பொறுப்பு இல்லை, ஸ்பிரிண்டுக்குள் பொருளை உருவாக்கும் எல்லோரும் டெவலப்பர்கள்தான். இதை எல்லோரும் பரீட்சையில் சரியாகப் போடுவார்கள். அலுவலகத்தில் ஒரு சீனியரிடம் போய் "இன்றைக்கு நீங்கள் டெஸ்ட் பண்ணுங்கோ அண்ணா" என்று சொல்லி, அவர் முகம் சுளித்தாலும் செய்ய வைப்பதுதான் பாடு. அதோடு பெரிய ஸ்டோரிகளை உடைத்தார்கள். பணம் செலுத்தும் பக்கம் என்று ஒன்றாக இருந்ததை, கார்ட்டால் செலுத்துவது, ரசீது அனுப்புவது, பணம் திருப்பிக் கொடுப்பது என மூன்றாக்கினார்கள். முதல் துண்டு மூன்றாம் நாளே டெஸ்டிங்குக்கு வந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் ஸ்பிரிண்டில் டெவலப்பர்கள் வரம்பைத் தாண்டாமல் இருக்க, வேலை முடிந்த ஸ்டோரியின் போர்ட் கார்ட்டையும் "செய்துகொண்டிருப்பது" என்ற நிரலிலேயே வைத்திருந்தார்கள். டெஸ்டிங் நிரல் வடிவாக இருந்தது, பிரச்சினை ஒரு நிரல் பின்னுக்குப் போயிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, ஒவ்வொரு கார்ட்டும் அந்த நிரலில் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்ப்பது. இரண்டு நாளில் முடியும் என்று சொன்ன கார்ட் ஐந்தாம் நாளும் அங்கேயே நின்றால், டெய்லியில் ஆளைக் கேட்காமல் கார்ட்டைக் கேட்க வேண்டும்: இது நகர என்ன தேவை? அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இரண்டு நிரலுக்கும் சேர்த்து வரம்பு வைத்தார்கள்.

அடுத்த சிக்கல் புரொடக்ட் ஓனரிடம் இருந்து வந்தது. ஒன்பது எடுத்தவர்கள் ஏன் ஆறு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். முந்திய ஸ்பிரிண்டுகளில் உண்மையில் முடிந்தவை எத்தனை என்ற எண்ணிக்கையைக் காட்டிய பிறகு அவர் சமாதானமானார். ஆறுதான் முன்பும் முடிந்தது. இப்போது எந்த ஆறு என்பது முதல் நாளே தெரிகிறது, முக்கியமானது முதலில் வருகிறது.

தங்கச்சி, நேர்முகத்தில் ஒருவர் இப்படிப் பத்து நிமிடம் கதைத்தால் அவரிடம் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றாது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டுமே. நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடத்தில் முதலில் வடிகட்டுபவர் மனிதவளப் பிரிவில் இருப்பவர். அவருக்கு உங்கள் ஸ்பிரிண்ட் தெரியாது. "சி.எஸ்.எம். அல்லது பி.எஸ்.எம்." என்று விளம்பரத்தில் இருந்தால் அந்தச் சொல் உங்கள் சுயவிபரக்கோவையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். உங்களுடையதில் பதவியும் கியூ.ஏ., சொல்லும் இல்லை. பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்தக் கதவைத் திறக்கத்தான் சான்றிதழ். அதற்கு பி.எஸ்.எம். 1 போதும். விளம்பரங்களில் பெரும்பாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் இடங்களின் விளம்பரங்களைத் திரும்ப ஒருமுறை வாசித்து இதை உறுதிப்படுத்துங்கள். அவற்றில் சி.எஸ்.எம். மட்டும் கேட்பவையே அதிகம் என்றாலோ, உங்கள் நிறுவனம் வகுப்புக் கட்டணத்தைக் கட்டுகிறது என்றாலோ மட்டும் அதை யோசியுங்கள். நல்ல பயிற்றுநரின் வகுப்பில் கேள்வி கேட்கக் கிடைக்கும் வாய்ப்பு பெறுமதியானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் சொந்தக் கடனில் வாங்கும் அளவுக்கு அது இப்போது தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

படிப்பதற்கு முதலில் ஸ்க்ரம் கைட். 2020 பதிப்பு 13 பக்கம்தான், இலவசம். ஆங்கிலத்திலேயே படியுங்கள், பரீட்சையில் கேள்வி அதன் சொற்களை வைத்தே வரும். ஒவ்வொரு பந்தியிலும் நின்று, எங்கள் இடத்தில் இது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் இருக்கும் இடங்கள்தான் பரீட்சையில் நீங்கள் பிழைவிடக்கூடிய இடங்கள். பிறகு ஸ்க்ரம் டொட் ஓர்க்கில் ஸ்க்ரம் ஓப்பன் என்று 30 கேள்விகள் கொண்ட இலவசப் பயிற்சி இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் செய்து, தொடர்ந்து 100 வீதம் வந்த பிறகு பணம் கட்டுங்கள். உண்மையான பரீட்சையின் கேள்விகள் என்று சொல்லி விற்கும் கோப்புகளை வாங்காதீர்கள். அவற்றில் விடைகளே பிழையாக இருக்கும், விற்பதும் வாங்குவதும் பரீட்சை விதிக்கு மாறானது. பரீட்சை தொடங்கிய பிறகு இணைப்பு அறுந்தாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து, மடிக்கணினியை முழுதாக சார்ஜ் செய்து, வேறு ஒரு நிறுவனத்தின் டேட்டாவோடு கைபேசியையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

சுயவிபரக்கோவையை இப்போதே மாற்றலாம், அதற்குப் பரீட்சை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். "டெய்லி, ரெட்ரோ நடத்தினேன்" என்ற வரியை எடுத்துவிட்டு, நடத்தியதால் என்ன மாறியது என்று எழுதுங்கள். பதவிப் பெயரை மாற்றி எழுதாதீர்கள், விசாரித்தால் அகப்பட்டுவிடும். "கியூ.ஏ. பொறியியலாளர், போன வருடம் தொடக்கம் ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்புகளுடன்" என்று உண்மையையே எழுதலாம். உங்கள் மனேஜரிடம் அந்தப் பொறுப்பை உறுதிப்படுத்தி ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னாளில் அனுபவம் கேட்கும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது உதவும்.

என்ன மாறியது என்று எழுத இப்போது எதுவும் இல்லையென்றால், கடைசி ஆறு ஸ்பிரிண்டுகளின் டிக்கெட்டுகள் டெஸ்டிங்குக்கு வந்த திகதிகளை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு அடுத்த ரெட்ரோவுக்குப் போங்கள். யாரையும் குற்றம் சொல்லாமல் தாளை மேசையில் வைத்து, எட்டாம் நாளுக்குப் பிறகு வந்தவை எத்தனை என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதிக்கும் ஒரே ஒரு மாற்றத்தை அடுத்த இரண்டு ஸ்பிரிண்டுக்கு மட்டும் செய்து, முன்னும் பின்னும் மீந்தவற்றைக் குறித்து வையுங்கள். சரிவராவிட்டாலும் அந்தக் குறிப்பைக் கொண்டு நேர்முகத்துக்குப் போகலாம், ஏன் சரிவரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.